மகரம் இல்லாமல் ஒரு பத்தி: ஓர் எழுத்தை விலக்கி எழுதுவதற்கான சொற்களைத் திரட்டும் முறை

ஓர் எழுத்தை முற்றிலும் விலக்கிவிட்டு, அந்த எழுத்து இல்லை என்பதே படிப்பவருக்குத் தெரியாத வகையில் ஒரு பத்தியை எழுத வேண்டுமானால், அதற்கு வேண்டிய சொற்களை முதலில் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பலரும் அகராதியைத் திறந்து, அந்த எழுத்து வராத சொற்களைக் குறித்துக்கொள்வதில் தொடங்குகிறார்கள். தமிழில் அந்த வழி வெகுதூரம் கொண்டு செல்லாது. நம் சொற்கள் அகராதியில் நிற்கும் வடிவிலேயே வாக்கியத்துக்குள் வருவதில்லை. வேற்றுமை உருபும், பன்மை விகுதியும், கால இடைநிலையும், உம்மையும் ஏறித்தான் வருகின்றன. அகராதியில் குற்றமற்று நிற்கும் ‘வீடு’ வாக்கியத்தில் ‘வீடும்’ ஆகும்போது விலக்கிய எழுத்தைச் சுமந்து வருகிறது. அகராதியில் தள்ளுபடியான ‘பணம்’ வாக்கியத்தில் ‘பணத்தை’ ஆகும்போது தூய்மையாகிவிடுகிறது. ஆகவே தமிழில் திரட்ட வேண்டியவை தலைச்சொற்கள் அல்ல, சொல்வடிவங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தையே பின்பற்றிச் செல்கிறது. எடுத்துக்காட்டுக்கு மகரத்தை, அதாவது ‘ம’ எழுத்தை, எடுத்துக்கொள்கிறேன்.

மகரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஙகரத்தையோ ஞகரத்தையோ விலக்கினால் உழைப்பு குறைவு. ‘ங்கள்’ போன்ற சில இடங்களைத் தவிர இழப்பு பெரிதாகத் தெரியாது. ககரத்தை விலக்கினால் ‘கள்’ விகுதி, ‘கு’ உருபு, ‘கிறு’ இடைநிலை மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. தகரத்தை விலக்கினால் ‘அது’, ‘இது’, ‘வந்தான்’, ‘படித்தான்’ எல்லாம் போகின்றன. முதன்முறை முயல்பவருக்கு அவை இரண்டும் மிகவும் கடினம். மகரம் இவற்றுக்கு இடைப்பட்டது. இழப்பு உறைக்கும், ஆனால் ஒவ்வோர் இழப்புக்கும் ஒரு மாற்றுவழி மொழியிலேயே கிடைக்கும்.

எது விலக்கப்படுகிறது என்று முதலில் எழுதி வையுங்கள்

‘ம’ என்று சொல்லும்போது மெய்யை மட்டும் சொல்கிறோமா, உயிர்மெய் வரிசை முழுவதையும் சொல்கிறோமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் பரிந்துரைப்பது கடுமையான விதி: ‘ம்’ என்ற மெய்யும், ‘ம’ முதல் ‘மௌ’ வரையுள்ள 12 உயிர்மெய்களும், ஆக 13 எழுத்துகளும் வரக்கூடாது. மெய்யை மட்டும் விலக்கி உயிர்மெய்யை அனுமதித்தால், படிப்பவர் கண்ணுக்கு விதி எது என்றே புலப்படாது.

ஒலியை விலக்குவதும் எழுத்தை விலக்குவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தமிழில் இத்தகைய கட்டுப்பாட்டின் பழைய வடிவம் இதழகல் என்றும் நிரோட்டம் என்றும் சொல்லப்படும் சொல்லணியாகும். அதில் ப, ம, வ ஆகிய மெய் வரிசைகளும், இதழ் குவித்து ஒலிக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்களும் விலக்கப்படுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர், திருச்செந்தூர் முருகன்மீது ஓர் அந்தாதி முழுவதையும் இந்த விதிக்கு உட்பட்டே பாடியிருக்கிறார். ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்’ என்ற 341ஆம் குறளை இதழ் ஒட்டாத குறள் என்று பலர் எடுத்துக்காட்டுவார்கள். இதழ்கள் ஒட்டவில்லை என்பது உண்மை. ஆனால் ‘நோதல்’ என்பதில் உள்ள ஓகாரத்துக்கு இதழ் குவிகிறது. விதி ‘ஒட்டக்கூடாது’ என்பதா, ‘குவியவும் கூடாது’ என்பதா என்பதைப் பொறுத்து அதே குறள் தேறவும் செய்யும், தவறவும் செய்யும். விதியை ஒரு வரியில் எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சிறு முடிவும் தேவை. ‘மூன்று’ என்ற சொல்லை எழுத முடியாத இடத்தில் ‘3’ என்ற எண்ணைப் போடலாமா? கூடாது என்பதே என் கருத்து. வாய்விட்டுப் படிப்பவர் அதை ‘மூன்று’ என்றுதான் படிப்பார். அங்கே விதி உடைந்துவிடுகிறது.

எதை இழக்கிறோம் என்று பாருங்கள்

எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939இல், ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘e’ என்ற எழுத்தே இல்லாமல் 50,000 சொற்களுக்கு மேற்பட்ட ஒரு நாவலை வெளியிட்டார். அதற்கு அவர் எழுதிய முன்னுரையில், தமக்கு நேர்ந்த பெரிய இடர்களில் ஒன்றாகக் குறிப்பிடுவது ஏதோ அரிய சொற்களை அல்ல. அந்த எழுத்தால் அமைந்த இறந்தகால விகுதியையே. இலக்கணத்தில் ஏற்படும் இழப்பே பெரிய இழப்பு. தனிச்சொற்களின் இழப்பு அதற்கு அடுத்ததுதான். தமிழில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

மகரம் போனால் போகும் இலக்கண உறுப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். முதலாவது ‘உம்’. ‘அவனும் அவளும்’ என்று இருவரை இணைக்கும் உம்மை, ‘யாரும்’, ‘எங்கும்’, ‘எப்போதும்’ என்று முழுமையைச் சொல்லும் உம்மை, ‘வந்தாலும்’ என்று எதிர்நிலையைச் சொல்லும் உம்மை, ‘வந்ததும்’ என்று உடனடித்தன்மையைச் சொல்லும் உம்மை ஆகிய அனைத்தும் போகின்றன. இரண்டாவது, அஃறிணை எதிர்காலம்: ‘வரும்’, ‘பெய்யும்’, ‘இருக்கும்’. அவற்றோடு ‘வரும் ஆண்டு’ என்ற பெயரெச்சமும் போகிறது. மூன்றாவது, தன்மைப் பன்மை விகுதியான ‘ஓம்’. நான்காவது, ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘வரலாம்’, ‘முடியும்’, ‘மாட்டான்’ ஆகிய துணைவினைகள். ஐந்தாவது, ‘வராமல்’ என்ற எதிர்மறை வினையெச்சம். ஆறாவது, ‘இடம்’ என்ற உருபு. ஏழாவது, ‘வேகமாக’, ‘உயரமான’ என்று ஈற்றில் மகரம் கொண்ட பெயர்களிலிருந்து உருவாகும் வினையடைகளும் பெயரடைகளும்.

இவற்றில் தன்மைப் பன்மை நின்று கவனிக்கத்தக்கது. ‘நாம்’ தள்ளுபடி, ‘நாங்கள்’ தூயது. எனவே ‘நாங்கள்’ என்ற சொல்லைப் பட்டியலில் எழுதிவிட்டு நிம்மதியடைந்தால், அதற்குரிய உடன்பாட்டு வினைமுற்று ஒன்றுகூடக் கிடைக்காது என்பது எழுதும்போதுதான் தெரியவரும். ‘வந்தோம்’, ‘வருகிறோம்’, ‘வருவோம்’ மூன்றும் மகரத்தில் முடிகின்றன. ‘நாங்கள் வரவில்லை’ என்ற எதிர்மறை மட்டும் தேறுகிறது. ஏனென்றால் ‘இல்லை’ இடமும் எண்ணும் காட்டுவதில்லை. ஆகவே மகரமற்ற பத்தியை ‘நான்’ என்றோ, ‘அவர்’ என்றோ தொடங்குவது எளிது. ‘நாங்கள்’ என்று தொடங்கினால், செய்யாதவற்றைப் பற்றி மட்டுமே எழுத நேரும்.

மகர ஈற்றுப் பெயர்களை மீட்டெடுங்கள்

தமிழ்ப் பெயர்ச்சொற்களில் பெரும்பகுதி ‘அம்’ என்று முடிகிறது: பணம், நேரம், இடம், காலம், படம், பழம், குளம், சத்தம், வெங்காயம். இவற்றை மொத்தமாக விலக்கிவிட்டால் எழுதுவதற்குப் பொருளே மிஞ்சாது. ஆனால் இந்த மகரம் உறுதியற்றது. மகர ஈறு கெட்டு உயிரீறுபோல் நிற்பதும், வல்லினத்துக்கு ஏற்ற இனமெல்லெழுத்தாகத் திரிவதும் நன்னூல் சொல்லும் விதிகள். அவை இங்கே நமக்கு நேரடியாகப் பயன்படுகின்றன.

உருபு ஏறும்போது மகரம் போய் ‘அத்து’ வருகிறது: பணத்தை, நேரத்தில், காலத்தின், இடத்துக்கு. பன்மையில் மகரம் ஙகரமாகிறது: படங்கள், பழங்கள், காலங்கள். தொகைச்சொல்லில் மகரம் கெட்டு வல்லினம் மிகுகிறது: குளக்கரை, பணப்பை, பழச்சாறு, நிலக்கடலை. எனவே ‘அம்’ ஈற்றுப் பெயர் ஒன்றை இழப்பது, அது ஒருமையில் எழுவாயாக நிற்கும்போதும், ‘பேரம் பேசினான்’ என்பதுபோல் உருபு தொக்கு வரும்போதும், ‘ஆக’, ‘ஆன’ ஏறும்போதும்தான். ‘சத்தம் கேட்டது’ என்று எழுத முடியாத இடத்தில் ‘சத்தத்தைக் கேட்டான்’ என்று எழுதலாம். எழுவாய் செயப்படுபொருளாக மாறுகிறது; கேட்டவர் ஒருவர் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார். பெரும்பாலான இடங்களில் இதனால் வாக்கியத்துக்கு நன்மையே விளைகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஈற்று மகரத்தைத் தவிர உள்ளே வேறு மகரம் இருந்தால் மீட்க முடியாது. ‘மரம்’ எப்படித் திரிந்தாலும் மரம்தான், முதலெழுத்து போகாது. ‘கிராமம்’ ‘கிராமத்து’ ஆனாலும் நடுவிலுள்ள மகரம் நிற்கும். ‘குடும்பம்’, ‘ஆரம்பம்’ ஆகியவற்றில் பகரத்துக்கு முன்னால் மகரமெய் ஒளிந்திருக்கிறது. இந்த ‘ம்ப’ இணைதான் கண்ணுக்கு அதிகம் தப்புவது: திரும்பு, விரும்பு, நம்பு, கிளம்பு, பாம்பு, வேம்பு, கம்பி. பட்டியல் எழுதும்போது பகரம் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது பயன் தரும்.

சொற்களைத் திரட்டும் வேலை

பழக்கமான சொற்கள்தான் வேண்டும் என்பதால், மூலம் பழக்கமான உரைநடையாக இருக்க வேண்டும். எளிய நடையில் எழுதப்பட்ட நான்கைந்து சிறுகதைகள் போதும். கலைக்களஞ்சியக் கட்டுரைகளை எடுத்தால், ‘மாவட்டம்’, ‘பிறப்பு’, ‘ஊராட்சி’ போன்ற சொற்கள் மேலே வந்து, அன்றாடச் சொற்கள் கீழே போய்விடும். கையால் செய்வதானால், கதையின் இரண்டு பக்கங்களை எடுத்து, மகரம் வராத ஒவ்வொரு சொல்வடிவத்தையும் அடிக்கோடிட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லை வாக்கியத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். வேர்ச்சொல்லாகச் சுருக்கக் கூடாது.

கணினியில் செய்வதற்கு ஒரு வசதி உண்டு. யூனிகோடில் ‘மா’, ‘மி’, ‘மே’, ‘ம்’ எல்லாமே ‘ம’ என்ற ஒரே குறியீட்டைத் தொடர்ந்து ஒரு துணைக்குறியீடோ புள்ளியோ சேர்ந்து அமைகின்றன. திரையில் ‘மெ’ என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், சேமிப்பில் ‘ம’ தான் முதலில் நிற்கிறது. ஆகவே ‘ம’ என்ற ஒன்றைத் தேடினாலே 13 வடிவங்களும் அகப்பட்டுவிடும். கதையை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, கீழ்க்கண்ட நிரலை இயக்கலாம்.

```python
import re
from collections import Counter

text = open("kathai.txt", encoding="utf-8").read()
count = Counter(re.findall(r"[\u0B80-\u0BFF]+", text))

for w, n in count.most_common():
    if "ம" not in w:
        print(n, w)
    elif re.search("[க-ஹ]ம்$", w) and "ம" not in w[:-2]:
        print(n, w, "->", w[:-2] + "த்தை", w[:-2] + "ங்கள்")
```

சொற்களைப் பிரிக்க `\w+` என்று எழுதாமல் யூனிகோட் எல்லையை எழுதியிருப்பதற்குக் காரணம், பைத்தானின் `re` தொகுதி தமிழின் துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. `\w+` என்று எழுதினால் சொற்கள் நடுவில் துண்டாகிவிடும். நிரலின் இரண்டாம் பகுதி, ‘அம்’ ஈற்றுப் பெயர்களை மட்டும் பிரித்து, அவற்றின் மீட்கப்பட்ட வடிவங்களையும் காட்டுகிறது. மகரத்துக்கு முன்னால் துணைக்குறி இல்லாத அகர உயிர்மெய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் ‘வரும்’, ‘வரலாம்’, ‘வந்தோம்’ போன்றவை ஒதுங்கிவிடும். ‘நம்’, ‘தம்’ போன்ற சிலவற்றுக்குத் தவறான வடிவம் வரும். அவற்றைக் கண்ணால் பார்த்து அடித்துவிட வேண்டும். ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்களை முதல் சுற்றில் எடுக்க வேண்டாம். நமக்கு வேண்டியவை திரும்பத் திரும்ப வருபவை.

கிடைத்த பட்டியலை அகரவரிசையில் அடுக்குவதால் பயனில்லை. எழுதும்போது நாம் தேடுவது ‘க’வில் தொடங்கும் சொல்லை அல்ல, ஓர் இடத்தை நிரப்பும் சொல்லை. எனவே வேலையை வைத்து அடுக்குங்கள். முதல் பக்கத்தில் இணைப்புச் சொற்களும் உருபுகளும் இருக்கட்டும்: என்று, போல, பற்றி, உடன், வரை, பிறகு, ஆனால், தவிர, அத்துடன், இதுவரை, எதிரே, அருகே, கீழே, உள்ளே, வெளியே, வழியாக. இந்த ஒரு பக்கம்தான் பத்தியைத் தாங்கப்போகிறது. இது நிறையாமல் அடுத்த பக்கத்துக்குப் போகக்கூடாது.

இரண்டாம் பக்கத்தில் வினைகள். ஒவ்வொரு வினைக்கும் தேறும் வடிவங்களை மட்டும் எழுதுங்கள். ‘வா’ என்ற வினைக்கு வந்தான், வந்தது, வந்தன, வருகிறது, வருவார், வந்து, வந்தால், வர, வந்த, வருகிற, வராது, வரவில்லை, வருவதில்லை, வாருங்கள் என்று நீண்ட வரிசை கிடைக்கும். இந்த வரிசையை ஒரு வினைக்கு முழுமையாக எழுதிவிட்டால், மற்ற வினைகளுக்கு அதையே அச்சாகப் பயன்படுத்தலாம். மூன்றாம் பக்கத்தில் பெயர்கள். மீட்டெடுத்தவற்றுக்கு அருகில் அவை எந்த வடிவத்தில் மட்டும் செல்லும் என்ற குறிப்பு அவசியம். நான்காம் பக்கத்தில் பெயரடைகள்: நல்ல, பெரிய, சிறிய, புதிய, பழைய, இனிய, அரிய, உயர்ந்த, அழகான. ‘அழகு’ உகர ஈறு என்பதால் ‘அழகான’ தேறுகிறது என்பதையும், ‘உயரமான’ தவறும் இடத்தில் ‘உயர்ந்த’ நிற்கிறது என்பதையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசையாக வரும் பெயர்களைத் தனியே சோதித்து வைப்பது பின்னால் உதவும். மாதங்களில் மார்கழியும் மாசியும் மட்டுமே தவறுகின்றன. மற்றப் பத்தும் தேறுகின்றன. ஒன்று முதல் பத்து வரையில் தவறுவது மூன்று மட்டுமே. திசைகளில் மேற்கு மட்டுமே. நாள்களின் பெயர்கள் ஏழும் தூயவை. ஆனால் ‘கிழமை’ என்ற ஒட்டு தூயதன்று. ஆகையால் ‘வியாழக்கிழமை’ என்று எழுத முடியாது, ‘வியாழனன்று’ என்று எழுதலாம்.

மாற்றுச்சொற்களைத் தேடுங்கள்

விலக்கப்பட்ட சொற்களில் நீங்கள் அடிக்கடி பயன்படுத்துபவற்றை எழுதி, எதிரே மாற்றை எழுதுங்கள். கிளம்பு என்பதற்குப் புறப்படு, அமர் என்பதற்கு உட்கார், மூடு என்பதற்குச் சாத்து, விரும்பு என்பதற்கு ஆசைப்படு, அம்மா என்பதற்குத் தாய், மாடு என்பதற்குப் பசு அல்லது காளை, மாலை என்பதற்கு அந்தி. ‘மிக’ என்பதற்கு ‘வெகு’, ‘மூலம்’ என்பதற்கு ‘வழியாக’, ‘முதலில்’ என்பதற்குத் ‘தொடக்கத்தில்’. ‘ஆரம்பத்தில்’ என்று எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சொல்லுக்குச் சொல் மாற்று கிடைக்காது. சிலவற்றுக்கு வாக்கிய அமைப்பையே மாற்ற வேண்டும். ‘முன்’ என்ற சொல்லுக்கு மாற்று இல்லை. ஆனால் ‘விளக்கு அணைவதற்கு முன் படித்தான்’ என்பதைப் ‘படித்த பிறகு விளக்கை அணைத்தான்’ என்று வரிசை மாற்றலாம். ‘யாரும் வரவில்லை’ என்பது ‘ஒருவர் கூட வரவில்லை’ ஆகும். ‘பேசாமல் சென்றான்’ என்பது ‘பேசாது சென்றான்’ ஆகும். இது எழுத்துநடையில் இயல்பானதுதான். ‘போக வேண்டும்’ என்பது ‘போக வேண்டியிருக்கிறது’ ஆகும். ‘முடியவில்லை’ என்பது ‘இயலவில்லை’ ஆகும். ‘மழை பெய்தாலும் போனான்’ என்பது ‘தூறல் விழுந்தது, ஆனால் போனான்’ என்று இரண்டாகப் பிரியும்.

இங்கே ஒரு கட்டுப்பாடு அவசியம். மாற்றாக வரும் சொல், அந்த இடத்தில் நீங்கள் சாதாரணமாகவே பயன்படுத்தக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். மனைவி என்பதற்கு ‘இல்லாள்’ என்றும், சொன்னான் என்பதற்குத் தேவையில்லாமல் ‘பகர்ந்தான்’ என்றும் எழுதத் தொடங்கினால், பத்தி பழம்பாடலின் உரைபோல் ஆகிவிடும். எழுத்தை ஒளித்தது உடனே தெரிந்துவிடும். இயல்பான மாற்று கிடைக்காத சொல்லை, அதைச் சுட்டும் பொருளோடு சேர்த்தே பத்தியிலிருந்து விலக்கிவிடுவது மேல். பத்தியின் கருவைப் பட்டியல் தயாரான பிறகு தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். மழையையும் மரத்தையும் அம்மாவையும் பற்றிய கரு மகரத்தோடு போராடிக்கொண்டே இருக்கும். சந்தை, பயணத்தின் வழி, பள்ளி, கடை, கோயில் ஆகியவை தடையின்றி நடக்கும்.

ஒரு பத்தியைச் செய்து பார்ப்போம்

முதலில் விதியை மறந்து, நினைத்ததை இயல்பாக எழுதிக்கொள்கிறோம்.

> ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா சந்தைக்குக் கிளம்பினார். தோளின் மேல் ஒரு பழைய துண்டும் கையில் ஒரு துணிப்பையும் இருந்தன. குளத்தின் ஓரமாக நடந்து, கோயிலைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்து சேர்ந்தார். சந்தையில் வெங்காயம் விலை உயர்ந்திருந்தது. கத்தரிக்காய் விலை மட்டும் இறங்கியிருந்தது. வியாபாரியிடம் பேரம் பேசி, மூன்று கிலோ கத்தரிக்காயும் ஒரு கட்டுக் கீரையும் பேத்திக்குக் கொஞ்சம் நிலக்கடலையும் வாங்கினார். பணம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டு வாசலில் காத்திருந்த பேத்தி, பையை வாங்கியதும் கடலையைத் தேடினாள்.

இதில் மகரம் உள்ள சொற்கள் 18. அவற்றில் கிழமை, கிளம்பினார், மேல், மட்டும், மூன்று, திரும்பி என்ற ஆறும் அடிச்சொல்லிலேயே மகரம் கொண்டவை. மாற்றுச்சொல்லோ மாற்றுத்தொடரோ தேவை. வெங்காயம், பணம், பேரம், கொஞ்சம், ஓரமாக, வியாபாரியிடம் என்ற ஆறும் ஈற்று மகரத்தால் தவறுபவை. வடிவத்தை மாற்றினால் போதும், அல்லது உருபை மாற்றினால் போதும். மீதியுள்ள ஆறும் உம்மையால் மட்டுமே தவறுபவை: துண்டும், துணிப்பையும், கத்தரிக்காயும், கீரையும், நிலக்கடலையும், வாங்கியதும். ஆக, 18இல் 12 சொற்களின் குற்றம் அடிச்சொல்லில் இல்லை.

திருத்திய வடிவம் இது:

> ஞாயிறு விடிந்த கொஞ்ச நேரத்தில் தாத்தா சந்தைக்குப் புறப்பட்டார். தோளில் ஒரு பழைய துண்டு, கையில் ஒரு துணிப்பை. குளக்கரை வழியாக நடந்து, கோயிலைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்து சேர்ந்தார். சந்தையில் வெங்காயத்தின் விலை உயர்ந்திருந்தது. கத்தரிக்காயின் விலையோ இறங்கியிருந்தது. வியாபாரியுடன் பேசிப் பேசி விலையை இன்னொரு ரூபாய் குறைத்தார். இரண்டு கிலோ கத்தரிக்காய், ஒரு கட்டுக் கீரை, பேத்திக்குக் கால் கிலோ நிலக்கடலை என்று பை நிறைந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே நடந்தார். வீட்டு வாசலில் காத்திருந்த பேத்தி, பையைப் பிடுங்கிக் கடலையைத் தேடினாள்.

சில இடங்களை அருகில் சென்று பார்க்கலாம். ‘துண்டும் பையும் இருந்தன’ என்ற உம்மை போனபோது, வினைமுற்றையும் எடுத்துவிட்டு இரண்டு பெயர்களைக் காற்புள்ளியால் நிறுத்தியது இயல்பாக அமைந்தது. ஆனால் இதே உத்தியை மூன்று வாக்கியங்களில் தொடர்ந்து பயன்படுத்தினால் தந்திவாசகம்போல் ஆகிவிடும். அதனால்தான் சாமான் பட்டியலில் வேறு வழியாக, ‘என்று பை நிறைந்தது’ என்று முடித்திருக்கிறது. ‘மட்டும்’ என்ற சொல்லின் வேலையை ‘விலையோ’ என்பதிலுள்ள ஓகாரம் செய்கிறது. ‘கொஞ்சம்’ என்பதில் ஈற்று மகரத்தை வெட்டிவிட்டு ‘கொஞ்ச நிலக்கடலை’ என்று எழுதும் ஆசை வரும்; ‘கொஞ்ச நேரம்’, ‘கொஞ்ச நாள்’ என்பதுபோல் அது வழக்கில் இல்லை. வழக்கில் இல்லாத இடத்தில் மகரத்தை வெட்டுவது எழுத்துப்பிழையாகவே படிக்கப்படும். அளவு சொல்லி, ‘கால் கிலோ’ என்று எழுதியதில் அந்தத் தொல்லை நீங்கியது. ‘வியாபாரியிடம்’ என்பதை ‘வியாபாரியிடத்தில்’ என்று மாற்றலாம். ஆனால் பேச்சும் பேரமும் நடக்கும் இடத்தில் ‘உடன்’ இன்னும் எளிதாக ஒலிக்கிறது.

சரிபார்த்தல்

கண்ணை மட்டும் நம்பக்கூடாது. பழகிய மொழியில் நாம் விகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. ‘உம்’ கண்ணில் படாமலே கடந்துவிடும். பத்தியைக் கோப்பில் சேமித்து, கீழ்க்கண்ட கட்டளையால் தேடினால், மகரம் உள்ள சொற்கள் மட்டும் வெளியே வரும்.

```
grep -o '[^ ]*ம[^ ]*' patthi.txt
```

எதுவும் அச்சாகவில்லை என்றால் எழுத்துச் சோதனை தேறிவிட்டது. தாளில் எழுதியிருந்தால், கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கிப் பின்னோக்கிப் படியுங்கள். பொருள் குறுக்கிடாததால் எழுத்து கண்ணில் படும்.

அடுத்தது நடையின் சோதனை. விதியைச் சொல்லாமல் ஒருவரிடம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ, எந்தச் சொல்லை இரண்டாம் முறை படிக்கிறாரோ, அங்கே மாற்றுச்சொல் ஒட்டவில்லை என்று பொருள். ‘ஆனால்’ என்ற சொல் அடுத்தடுத்து வருவதும், எல்லா வாக்கியமும் ஒரே அளவில் குறுகிப்போவதும் மகரத்தை விலக்கிய உரைக்கே உரிய அடையாளங்கள். முதலாவது ‘ஆலும்’ போனதன் விளைவு. இரண்டாவது உம்மை போனதன் விளைவு. வாக்கியங்களை நீட்ட, ‘நடந்து, தாண்டி, வந்து’ என்று வினையெச்சங்களைத் தொடுப்பதே தமிழில் இயல்பான வழி. மகரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லாததால், அவை முழுவதும் உங்கள் கையில் இருக்கின்றன.

சோதனையில் ஒரு மகரம் அகப்பட்டால், அந்தச் சொல்லை மட்டும் பிடுங்கி வேறொன்றை வைக்காதீர்கள். வாக்கியத்தை முழுவதும் மறுபடி எழுதுங்கள். மேலே உள்ள பத்தியின் கடைசி வாக்கியத்தில் ‘பையை வாங்கியதும்’ என்பதை ‘பையை வாங்கிய பிறகு’ என்று மாற்றியிருந்தால் விதி நிறைவேறியிருக்கும். ஆனால் பேத்தியின் அவசரம் போயிருக்கும். ‘வாங்கியதும்’ என்ற உம்மை சுமந்திருந்தது அந்த அவசரத்தைத்தான். அதைத் தனியே எடுத்து, வினைக்குள் வைத்து, ‘பிடுங்கி’ என்று எழுதியபோது இரண்டும் கிடைத்தன.